தமிழ் என்றால் இலங்கை, இந்தியர் என்றால் இந்தி: லண்டன் வகுப்பறையில் ஆவடிப் பிள்ளைகள்

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியுள்ள மென்பொருள் அலுவலகங்களிலிருந்து 'ஆன்சைட்' போகிறவர்களில் பலர் மனைவி, கணவன், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மருத்துவமனை வேலைக்குப் போகும் செவிலியர்களும் அப்படியே. பிரிட்டனுக்குப் போனால் பிள்ளைக்கு அங்குள்ள அரசுப் பள்ளியில் கட்டணமின்றி இடம் கிடைக்கும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே போய்ச் சேரும் ஆவடி, பூந்தமல்லிப் பிள்ளைக்கு ஒரு விசித்திரமான நிலை காத்திருக்கிறது. அவளுக்கு முன்பே அந்த ஊரில் 'தமிழர்' என்ற சொல்லுக்கு ஒரு பொருளும், 'இந்தியர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் நிலைத்துவிட்டன. இரண்டும் அவளுக்குப் பொருந்தும் சொற்கள்தான். இரண்டிலும் மற்றவர்கள் மனதில் வரும் ஆள் அவள் இல்லை.

லண்டன் பள்ளிகளில் தமிழ் என்றால் பெரும்பாலும் ஈழத் தமிழ். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், இப்போது பேரப்பிள்ளைகளும்தான் அங்கே அந்தப் பெயரைச் சுமக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 1 லட்சம், 2021இல் சுமார் 1.25 லட்சம். 2009இல் போரின் கடைசி மாதங்களில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் நடந்த போராட்டம், 'தமிழ்' என்ற பெயரைச் செய்தி பார்க்கும் எல்லாருக்கும் அறிமுகப்படுத்தியது. அதற்குப் பின் ஒரு பிள்ளை வகுப்பில் 'நான் தமிழ்' என்றால் எதிரில் இருப்பவர் மனதில் வருவது யாழ்ப்பாணம். இந்தியர் என்ற சொல்லோ அதற்கும் முன்பே குஜராத்தியருக்கும் பஞ்சாபியருக்கும் போய்விட்டது. 1960, 70களில் நேரடியாகவும், கென்யா, உகாண்டா வழியாகவும் வந்து குடியேறியவர்கள் அவர்கள். 'நான் இந்தியா' என்றால் அடுத்த கேள்வி, இந்தி தெரியுமா, குஜராத்தி தெரியுமா என்பதுதான்.

தவறாக அடையாளம் காண்பது வெள்ளைக்காரர்களின் அறியாமை மட்டும்தான் என்றால் இதை எழுதத் தேவையில்லை. அந்த வகை பழைய கதை. எழுபது, எண்பதுகளில் பிரிட்டனின் தெருக்களில் பாகிஸ்தானியரை இழிக்கும் வசைச்சொல்லை, பழுப்புத் தோல் உள்ள எல்லார் மீதும் வீசினார்கள். சீக்கியனா, வங்காளியா, தமிழனா என்று வீசுகிறவன் விசாரிக்க மாட்டான். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடகியாகப் புகழ்பெற்ற மாதங்கி அருள்பிரகாசம், யாழ்ப்பாணத்திலும் கொஞ்ச காலம் சென்னையிலும் வளர்ந்து, எண்பதுகளின் நடுவில் தெற்கு லண்டனின் மிட்சம் பகுதிக்கு வந்தவர். அங்கே தங்கள் குடியிருப்பில் ஆசியக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்ததையும், இனவெறி எவ்வளவு கடுமையாக இருந்ததென்பதையும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்றைய கிழக்கு லண்டன் வகுப்பறையில் நிலைமை வேறு. நியூஹாம் வட்டாரத்தில் ஆசிய வழியினரில் வங்கதேசத்தவர் முதலிடம். இந்தியரும் பாகிஸ்தானியரும் அடுத்து. ஆகவே அங்குள்ள ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்ப் பிள்ளையை வங்காளியாக நினைத்துப் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் இன்னொரு தெற்காசியப் பிள்ளைதான். அதில் பகை இல்லை. சொந்தக்காரி கிடைத்தாள் என்ற ஆர்வம் இருக்கிறது. பதில் சொல்வது கடினமாவதும் அதனால்தான். பகைவனை முறைத்துவிடலாம். 'நீ நம்ம ஆளா' என்று சிரித்துக்கொண்டு கேட்கிறவளை என்ன செய்வது?

இதற்கு முன்பே அடையாளத்தைக் குறிக்கும் வேலையைப் பள்ளிச் சேர்க்கைப் படிவம் தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகள் பருவந்தோறும் மாணவர் விவரத்தை அரசுக்கு அனுப்புகின்றன. அதில் இன வழி ஒரு கட்டம், முதல் மொழி இன்னொரு கட்டம். இன வழியைப் பெற்றோரோ மாணவரோ சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றும் குறிக்கலாம். முகத்தைப் பார்த்துப் பள்ளியே ஊகித்து நிரப்பக் கூடாது. இந்தியருக்கு AIND, பாகிஸ்தானியருக்கு APKN, வங்கதேசத்தவருக்கு ABAN, மற்ற ஆசியருக்கு AOTH என்று குறியீடுகள் உண்டு. உள்ளாட்சி நிர்வாகம் விரும்பினால் இன்னும் நுணுக்கமான குறியீடுகளையும் பயன்படுத்தலாம். அவற்றில் இலங்கைத் தமிழருக்கென்று தனியாக ASLT இருக்கிறது. இந்தியத் தமிழருக்கு அப்படி ஒன்று இல்லை. நாட்டளவில் புள்ளிவிவரம் வெளியாகும்போது ASLT போய் 'மற்ற ஆசியர்' என்ற மூட்டைக்குள் விழுகிறது. அந்த மூட்டையில்தான் நேபாளிகளும் இருக்கிறார்கள், சிங்களவரும் இருக்கிறார்கள். சிங்களவரிடமிருந்து தப்பி வந்த குடும்பத்தின் பேத்தி, கல்வித் துறையின் அட்டவணையில் சிங்களப் பேத்தியோடு ஒரே வரிசையில் நிற்கிறாள். ஆவடிப் பெண் குஜராத்தியரோடும் பஞ்சாபியரோடும் 'இந்தியர்' வரிசையில் நிற்கிறாள்.

ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள் இரண்டு வரிசைகளில் நிற்க, அவர்களைச் சேர்த்து வைப்பது அடுத்த கட்டம்தான். முதல் மொழி என்ற இடத்தில் இருவருக்கும் TAM என்றுதான் வரும். ஆனால் அந்தக் கட்டத்தைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு பயம் இருக்கிறது. தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்துக்கொள்வார்களோ, கீழ்ப் பிரிவில் போட்டுவிடுவார்களோ என்று. உண்மையில் அந்தப் பதிவுக்கும் ஆங்கிலத் திறனுக்கும் தொடர்பில்லை. குழந்தைப் பருவத்தில் முதலில் கேட்டு வளர்ந்து, இன்றும் வீட்டிலோ சமூகத்திலோ காதில் விழும் மொழி எது என்பதே அங்கே கேட்கப்படுவது. ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்கும் முதல் மொழி தமிழாகவே இருக்கலாம். பயம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. 2016இல் அதே படிவத்தில் குடியுரிமையையும் பிறந்த நாட்டையும் கேட்கத் தொடங்கினார்கள். குடியேற்றத் துறையின் கைக்கு அது போகும் என்று எதிர்ப்புக் கிளம்பி, 2018இல் நிறுத்தினார்கள். படிவம் வெறும் படிவமில்லை என்று வெளியூர்க்காரருக்குத் தெரிந்திருக்கும்.

இனி ஒரு பிள்ளையைக் கற்பனை செய்து பார்ப்போம். பன்னிரண்டு வயது. அப்பா அம்பத்தூரில் மென்பொருள் வேலை. தாத்தா ஆவடி டாங்க் பேக்டரியில், அதாவது 1961இல் தொடங்கிய கனரக ஊர்தித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவள் படித்தது ஆவடியில் ஒரு கேந்திரிய வித்யாலயாவில். மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் அப்பாவின் மாறுதலுக்கேற்ப ஊர் ஊராக மாறினாலும் படிப்பு அறுபடக் கூடாது என்பதற்காக 1963இல் தொடங்கிய ஏற்பாடு அது. ஆவடியில் டாங்க் பேக்டரி, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். முகாம் என எல்லாம் இருப்பதால், அங்கே தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு பல்லின வகுப்பறை கிடைத்துவிடுகிறது. பிகார், ஒடிசா, ஆந்திரா, கேரளா, ஹரியாணா எல்லாம் ஒரே பெஞ்சில். எட்டாம் வகுப்புவரை இந்தி கட்டாயம். ஆறிலிருந்து சமஸ்கிருதமும் உண்டு. தமிழ் வழக்கமான பாடமாக இல்லை. போதிய மாணவர்கள் கேட்டால் தற்காலிக ஆசிரியரை வைத்துக் கூடுதலாக நடத்தலாம் என்ற அளவில்தான் அதற்கு இடம். ஆகவே நம் பிள்ளை தமிழ் பேசுவாள், கடைப் பலகையைக் கூட்டிக் கூட்டி வாசிப்பாள், இந்தியில் கட்டுரை எழுதுவாள்.

இவள் லண்டனில் எட்டாம் ஆண்டு வகுப்பில் சேர்கிறாள். அவளுக்கு அங்கே உதவுவது எது தெரியுமா? இந்தி. அதன் மூலம் பாகிஸ்தானிய வகுப்புத் தோழியின் உருதுப் பேச்சைப் பிடித்துக்கொள்வாள். பஞ்சாபிப் பையன்களின் கிண்டல் பாதிக்கு மேல் புரியும். பாலிவுட் பாட்டு தெரியும். 'இந்தியன்' என்ற சொல்லில் மற்றவர்கள் எதிர்பார்க்கும் ஆளாக அவளால் சில மாதங்களில் நடந்துகாட்ட முடியும். தவறாக அடையாளம் கண்டதைத் திருத்தாமல் அதற்குள்ளேயே குடியேறிவிடுவது ஓர் உத்தி. ஆவடியில் தமிழ்ப் பாடம் கிடைக்காததை எண்ணி வருந்தும் பெற்றோர் பலர் உண்டு, நானும் வருந்துகிறவன். ஆனால் அந்தப் பள்ளி கொடுத்த இந்தி, லண்டனில் அந்தப் பிள்ளைக்கு நுழைவுச்சீட்டாகிறது என்பதையும் மறைக்க முடியாது. விலை ஒன்று உண்டு. அந்தக் கூட்டத்தில் அவள் தமிழ் வெளியே தெரிவதற்குக் காரணமே இருக்காது.

அவளுடைய பக்கத்து வீட்டுப் பையன், அம்பத்தூர் மெட்ரிக் பள்ளியில் படித்தவன் என்று வைத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கு வந்த பிள்ளை. ஆகவே முதல் வகுப்பிலிருந்தே தமிழ் படித்திருக்கிறான், திருக்குறள் ஒப்பிப்பான், இந்தி சினிமா வசனத்துக்கு மேல் தெரியாது. லண்டனில் 'இந்தியன்' என்று நுழைந்தால் இரண்டாவது கேள்வியிலேயே கதவு சாத்திவிடும். இந்தியாவிலிருந்து வந்து இந்தி தெரியாதா என்று கேட்கிறவர்களுக்கு, இந்தியாவில் இந்தி பேசாத மாநிலங்கள் இருக்கின்றன என்று முதலில் பாடம் எடுக்க வேண்டும். பதின்மூன்று வயதில் யாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது. அவனுக்குத் திறக்கிற கதவு ஈழத்துப் பிள்ளைகளுடையது.

அந்தக் கதவுக்குள்ளும் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது. ஈழத்துப் பிள்ளைகளுக்கு இவனுடைய சென்னைத் தமிழ் புதிதல்ல. சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் பார்த்து வளர்ந்தவர்கள். வேண்டுமென்றால் 'என்னடா பண்றே' என்று அச்சு அசலாகப் பேசிக் காட்டுவார்கள். இவனுக்கோ அவர்கள் வீட்டில் பாட்டி வேகமாகக் கதைப்பது முதலில் பிடிபடாது. ஒருவருக்கு மற்றவர் தமிழ் தெரியும், மற்றவருக்கு இவர் தமிழ் தெரியாது என்ற ஏற்றத்தாழ்வில், யார் 'அசல் தமிழர்' என்ற பேச்சும் வந்துசேரும். ஈழத்து வீடுகளில் 'இந்தியன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 1987இல் வந்திறங்கிய இந்திய அமைதிப் படையின் நினைவும் இருக்கிறது. அம்பத்தூர்ப் பையன் அந்த ஆண்டைப் பாடத்தில் படித்திருக்க மாட்டான். நண்பனின் அப்பா ஏன் சட்டென்று மௌனமாகிறார் என்பது அவனுக்கு விளங்க நாளாகும்.

மொழியறிஞர் சுரேஷ் கனகராஜா லண்டன், டொராண்டோ, அமெரிக்கா ஆகிய இடங்களில் ஈழத் தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்தவர். தமிழ் சரளமாகப் பேச வராத இளைஞர்கள்கூட, சரியான இடத்தில் சில சொற்களையும் உச்சரிப்பையும் கலந்து, தாங்கள் தமிழர் என்பதை நிறுவிக்கொள்வதை அவர் விவரிக்கிறார். மொழி போய்விட்டால் அடையாளமும் போய்விடும் என்ற நம் வழக்கமான கவலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க அது உதவுகிறது. மாண்ட்ரியலில் ஆய்வு செய்த சோனியா தாஸ் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். அங்கே இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாலும், முன்னவர் பேச்சுத் தமிழையும் பின்னவர் எழுத்துத் தமிழையும் தங்கள் தனி அடையாளமாகப் பிரித்துக்கொண்டார்கள் என்கிறார் அவர். பிள்ளைகளுக்கு எந்தத் தமிழைக் கற்பிப்பது என்பதிலும் அந்தப் பிரிவு வெளிப்பட்டது. வெளியாருக்கு இருவரும் ஒன்று. உள்ளேயோ, வெளியார் ஒன்றாக நினைக்கிறார்களே என்பதால் பிரித்துக் காட்டும் தேவை கூடுகிறது.

ஈழத்துப் பிள்ளைக்கு உள்ள சிக்கலை ஆவடிப் பிள்ளையால் முழுக்க உணர முடியாத நாள் ஒன்று உண்டு. பள்ளிகளில் 'பண்பாட்டு நாள்' கொண்டாடுகிறார்கள். பாரம்பரிய உடை, ஒரு தின்பண்டம், சொந்த நாட்டுக் கொடி. ஆவடிப் பெண் மூவண்ணக் கொடியை எடுத்துப் போவாள். முறுக்கோ அதிரசமோ கொண்டுபோனால் சமோசா எங்கே என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அவளுடைய ஈழத்துத் தோழி எந்தக் கொடியை எடுப்பாள்? சிங்கம் வாளேந்திய கொடி எந்த அரசிடமிருந்து தன் குடும்பம் ஓடி வந்ததோ அந்த அரசின் கொடி. புலிக் கொடியோ 2001இல் பிரிட்டன் தடைசெய்த அமைப்பின் சின்னம். சிலர் அன்று பள்ளிக்கே போவதில்லை என்றால் ஆச்சரியமில்லை. 'இலங்கையர்' என்று யாராவது சொல்லும்போது, பாதி உண்மை என்பதால் மறுக்க முடியாமலும், மீதிப் பாதியால் ஏற்க முடியாமலும் அந்தப் பிள்ளை நிற்கிறாள். தமிழ் என்ற ஒரே சொல்லை அவள் பிடித்துக்கொள்வது அதனால்தான். அதே சொல்லை ஆவடிப் பெண் கையில் எடுத்தால் 'அப்போ நீ இலங்கையா' என்ற கேள்வி வருகிறது. இருவருக்கும் ஒரே சொல். அவளுக்கு அது புகலிடம், இவளுக்கு அது இன்னொரு தவறான முகவரி.

திரையிலும் இதே குழப்பம் நடந்தது. 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் தேவி விஸ்வகுமார் என்ற பாத்திரம், அமெரிக்காவில் வளரும் இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண். நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண். தன்னைத் தமிழ்க் கனேடியர் என்று சொல்லிக்கொள்பவர். உலகம் அவரை இந்திய நடிகை என்று எழுதியது. தொடர் பார்த்த பிள்ளைகளுக்கு இது ஒரு பேச்சுப் பொருளாகியிருக்கும். தங்களைப் போலவே அவரையும் ஆள் மாற்றித்தான் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் லண்டனின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டால் நாம் சுகமாக இருக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளில் வேலை பார்க்கும் ஒடியாக்காரர், வங்காளி, அஸ்ஸாமியர், நேபாளி எல்லாரும் நம் வாயில் 'இந்திக்காரங்க' அல்லது 'வடக்கன்'. அவர்களில் பலருக்கு இந்தி தாய்மொழியே அல்ல. ஒடியாவுக்கும் இந்திக்கும் எழுத்தும் வேறு, இலக்கியமும் வேறு. அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளிக்கு வந்தால் வகுப்பில் கிடைக்கும் பெயரும் அதுதான். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வரும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, சூளையருகே ஒடியாப் பாடநூலோடு பள்ளி நடத்திய முயற்சிகள் இருக்கின்றன. யாரோ அந்தப் பிள்ளைகள் எந்த மொழிக்காரர் என்று கேட்டறிந்ததால் நடந்த வேலை அது. ஆவடி கேந்திரிய வித்யாலயாவில் படித்த பெண்ணுக்கு இது ஓரளவு தெரிந்திருக்கும். அவள் பெஞ்சில் ஓர் ஒடியாத் தோழியாவது இருந்திருப்பாள். மெட்ரிக் பையனுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

லண்டனுக்குத் திரும்புவோம். ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வரும். படிவத்தின் குறியீடுகளும் வகுப்பறைக் கேள்விகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ததை இந்த இடம் ஒரே அடியில் செய்கிறது. உருது, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி ஆகியவற்றுக்கு ஜி.சி.எஸ்.இ. இருக்கிறது. வீட்டு மொழியில் எழுதி நல்ல மதிப்பெண்ணை வாங்கி, கல்லூரி விண்ணப்பத்தில் சேர்க்கலாம். தமிழுக்கு ஜி.சி.எஸ்.இ. இல்லை. ஆகவே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பத்தாண்டு போன ஈழத்துத் தோழிக்கும் அரசுத் தேர்வுச் சான்றிதழ் ஒன்றும் மிஞ்சாது. பக்கத்து இருக்கை வங்காளித் தோழிக்கு வீட்டு மொழி ஒரு பாடம். இவளுக்கு அது வார இறுதி வேலை. படிப்புச் சுமை கூடும்போது முதலில் விடுபடுவது சனிக்கிழமை வகுப்புதான் என்பதைப் பெற்றோர் எல்லாரும் அறிவார்கள்.

ஆவடிப் பெண் பிரெஞ்சு எடுப்பாள். அப்பாவின் வேலை ஒப்பந்தம் முடிந்து குடும்பம் ஊர் திரும்பினால் அவளுக்கு மறுபடியும் சி.பி.எஸ்.இ., மறுபடியும் இந்தி. அம்பத்தூர்ப் பையனின் பெற்றோர்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும். மாநிலப் பாடத்திட்டத்துக்குத் திரும்பினால் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் எழுத வேண்டும். நடுவில் போன மூன்று நான்கு ஆண்டுகளில் எழுத்துத் தமிழை யார் தொடர்ந்து சொல்லிக்கொடுப்பது என்ற கேள்விக்கு அங்கே அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய விடை, ஈழத் தமிழர் நடத்தும் அந்தச் சனிக்கிழமைப் பள்ளி. அங்கே போய்ச் சேர்க்கைப் படிவம் வாங்கினால் ஆசிரியை முதலில் கேட்பது: 'நீங்கள் இந்தியாவோ?'